சளி மாத்திரையும் தூக்கமும்: வண்டி, வேலை, மது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சளிக்கு மாத்திரை போட்டா ஏன் இப்படித் தூக்கம் தள்ளுது?

சளி மாத்திரை என்று நாம் போடுவது பெரும்பாலும் ஒரே மருந்து கிடையாது, மூன்று நான்கு மருந்துகளைச் சேர்த்த கூட்டு மாத்திரை. காய்ச்சலுக்கும் உடம்புவலிக்கும் பாராசிட்டமால், மூக்கடைப்புக்கு ஃபினைல்எஃப்ரின் மாதிரி ஒன்று, ஒழுகும் மூக்கை நிறுத்த ஓர் ஆன்டிஹிஸ்டமின். தூக்கம் வருவது இந்தக் கடைசி ஆளால்தான்.

ஹிஸ்டமின் என்றாலே அலர்ஜி, அரிப்பு, தும்மல் என்றுதான் கேள்விப்பட்டிருப்போம். ஆனால் மூளைக்குள் அதற்கு வேறு வேலை. ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கும் ஒரு சின்ன நரம்பணுக் கூட்டம் ஹிஸ்டமினைச் சுரந்துதான் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது. 1940களில் வந்த பழைய ஆன்டிஹிஸ்டமின்கள் ரத்தத்திலிருந்து சுலபமாக மூளைக்குள் நுழைந்து அந்த விழிப்புச் சைகையையே அடைத்துவிடுகின்றன. இதே தூக்கத்தைத்தான் மருந்து செய்கிறவர்கள் பக்கவிளைவு என்றும் எழுதுகிறார்கள், இன்னொரு பெட்டியில் தூக்க மாத்திரை என்றும் விற்கிறார்கள். டைஃபென்ஹைட்ரமின் இரண்டு இடத்திலும் இருக்கிறது.

அட்டையில எந்தப் பேரைப் பார்த்தா உஷாராகணும்?

முன்பக்கம் பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். குளோர்பெனிரமின், டைஃபென்ஹைட்ரமின், டாக்சிலமின், புரோமெத்தசின், டிரைப்ரோலிடின், புரோம்பெனிரமின் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலே அது தூக்க வகை. சளி மாத்திரைகளில் அதிகம் கண்ணில் படுவது குளோர்பெனிரமின், வழக்கமாக ஒரு மாத்திரைக்கு 2 அல்லது 4 மில்லிகிராம். ராத்திரிக்கு என்று தனியாக விற்கும் திரவ மருந்துகளில் பல நேரம் டாக்சிலமினோ டைஃபென்ஹைட்ரமினோ இருக்கும்.

4 மில்லிகிராம்தானே, பாராசிட்டமால் 500 மில்லிகிராம் இருக்கிறதே என்று அளவை ஒப்பிட்டு அலட்சியமாக இருக்க வேண்டாம். ஒவ்வொரு மருந்துக்கும் வேலை செய்யும் அளவு வேறு. குளோர்பெனிரமினுக்கு 4 மில்லிகிராம் என்பது பெரியவர்களுக்கான முழு டோஸ்.

அப்புறம் இன்னொன்று. பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று ஒரே பெயரில் இரண்டு மாத்திரைகள் சேர்ந்து வரும் பெட்டிகளில் ஆன்டிஹிஸ்டமின் இரவு மாத்திரையில் மட்டும் இருக்கும். அவசரத்தில் நிறம் மாற்றி எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்புவது நிஜமாகவே நடக்கிற விஷயம்.

எனக்கெல்லாம் தூக்கமே வராது, நல்லா தெளிவாத்தான் இருக்கேன். அப்போ ஓட்டலாம்ல?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். தூக்கம் வருவதும் திறன் குறைவதும் ஒரே விஷயம் என்று நினைக்கிறோம். அவை இரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவாவில் செய்த ஆய்வு ஒன்று இதை நன்றாகக் காட்டியது. 40 பேரை வண்டி ஓட்டும் சிமுலேட்டரில் உட்கார வைத்து, வெவ்வேறு நாட்களில் டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம், தூக்கம் தராத ஃபெக்சோஃபெனடின், ரத்தத்தில் ஏறக்குறைய 0.1 சதவீதம் வரும் அளவு மது, வெற்று மாத்திரை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொண்டு பின்தொடர்வதுதான் முக்கியமான சோதனை. அதில் எல்லாவற்றையும்விட மோசமாக ஓட்டியது டைஃபென்ஹைட்ரமின் போட்ட நாளில், மது குடித்த நாளைவிடவும் மோசம். எவ்வளவு தூக்கமாக இருக்கிறது என்று ஓட்டினவர்கள் தாங்களே சொன்ன மதிப்பெண்ணைப் பார்த்தால், யார் மோசமாக ஓட்டுவார்கள் என்பதை அதை வைத்துச் சரியாகக் கணிக்க முடியவில்லை. அதாவது தெளிவாக இருக்கிறேன் என்று சொல்கிறவரை நம்ப முடியாது, சொல்வது நீங்களாகவே இருந்தாலும்.

இந்த மருந்தில் முதலில் அடி வாங்குவது கவனம். கண் திறந்திருக்கும், சாலை தெரியும், ஆனால் முன்னால் பிரேக் விளக்கு எரிந்ததைப் பார்த்ததற்கும் கால் நகர்வதற்கும் இடையில் நேரம் நீளும். வண்டி லேசாக ஒரு பக்கம் ஒதுங்கும், திருத்துவோம், மறுபடி ஒதுங்கும். எப்போதும் திரும்பும் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டு அப்புறம் உணர்வோம். கடைசி ஐந்து நிமிடம் எப்படி ஓட்டினோம் என்பதே நினைவில் இருக்காது. கொட்டாவி வரவில்லை என்பதைப் பிடித்துக்கொள்வதைவிட, இவற்றில் ஒன்று நடந்தாலும் ஓரங்கட்டி நிறுத்திவிடுவது மேல். கூடவே சிலருக்கு இந்தப் பழைய வகை மருந்துகள் வாயை உலர்த்துவதோடு கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது பார்வையையும் மங்கலாக்கும். டேஷ்போர்டைப் பார்த்துவிட்டுச் சாலையைப் பார்க்கும்போது கண் நிதானப்படக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

ராத்திரி போட்டுட்டுத் தூங்கி எழுந்தா மருந்து எல்லாம் போயிருக்குமே? காலைல ஓட்டறதுல என்ன பிரச்சினை?

பெட்டியில் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று போட்டிருப்பதால் ஆறு மணி நேரத்தில் மருந்து காலி என்று தோன்றுவது இயல்புதான். அது அடுத்த டோஸ் எப்போது போடலாம் என்பதற்கான கணக்கு, உடம்பை விட்டு மருந்து எப்போது போகும் என்பதற்கான கணக்கு வேறு. பெரியவர்களின் உடம்பில் குளோர்பெனிரமினின் அளவு பாதியாகக் குறையவே ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது நிறைய மாறும்; வயதானவர்களுக்கும் சிறுநீரகம், கல்லீரல் சரியில்லாதவர்களுக்கும் இன்னும் நீளும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒருவர் வெள்ளிக்கிழமை இரவு 10 மணிக்கு 4 மில்லிகிராம் குளோர்பெனிரமின் இருக்கும் மாத்திரையைத் தொடங்குகிறார். அப்புறம் எட்டு மணி நேரத்துக்கு ஒன்று: காலை 6, மதியம் 2, இரவு 10. இதில் எதுவும் அளவு மீறல் கிடையாது, ஒரு நாளைக்கு 12 மில்லிகிராம்தான், பெரியவர்களுக்கான உச்ச அளவான 24-இல் பாதி. ஆனால் ஒவ்வொரு மாத்திரை போடும்போதும் முந்தையதில் முக்கால்வாசி இன்னும் உள்ளே இருக்கிறது. சனிக்கிழமை காலை இரண்டாவது மாத்திரை போட்டதும் உடம்பில் இருப்பது சுமார் 7 மில்லிகிராம், மதியம் 9-ஐத் தாண்டும். ஞாயிறு இரவு 10 மணிக்கு ஏழாவது மாத்திரையைப் போடும்போது சுமார் 14.

திங்கட்கிழமை காலை 6 மணி. சளி பரவாயில்லை, வேலைக்கு வண்டியில் போகணும், அதனால் இன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்று பொறுப்பாகத் தவிர்த்துவிட்டுக் கிளம்புகிறார். அந்த நேரத்தில் அவர் உடம்பில் இன்னும் 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது, அதாவது இரண்டரை மாத்திரை. மாத்திரை போடாமல் ஓட்டுகிறேன் என்று அவர் நம்புவதில் தப்பில்லை, ஆனால் அது உண்மை கிடையாது. ஞாயிறு காலையோடு நிறுத்தியிருந்தாலும் திங்கள் காலை 5 மில்லிகிராமுக்கு மேல் மிச்சம் இருக்கும்.

இது எளிமையாக்கிய கணக்கு. தொடர்ந்து சில நாள் போட்டால் மூளை ஓரளவு பழகிக்கொண்டு தூக்கம் குறைவதும் உண்டு, ஆகவே 10 மில்லிகிராமும் முதல் நாள் அடித்த மாதிரியே அடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழகுவதற்குச் சில நாள் ஆகும், சளியில் மாத்திரை போடுவதே நான்கைந்து நாள்தான். முதல் இரண்டு மூன்று நாள்தான் மோசம், அந்த நாட்களில்தான் சளியின் அசதியும் உச்சத்தில் இருக்கும்.

டைஃபென்ஹைட்ரமின் இதைவிடச் சீக்கிரம் வெளியேறும், ஆனாலும் இரவு 50 மில்லிகிராம் போட்டால் மறுநாள் காலை வரை மூளையில் ஒரு பங்கு ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். விமானிகள் டைஃபென்ஹைட்ரமின் போட்டால் கடைசி டோஸிலிருந்து 60 மணி நேரம் விமானத்தை ஓட்டக் கூடாது என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை சொல்கிறது. காருக்கு அவ்வளவு வேண்டியதில்லை என்று நீங்கள் வாதாடலாம். ஆனால் ஆறு மணி நேரம் போதும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

ஒரு ஸ்ட்ராங் காபி போட்டா சரியாகாதா? சில மாத்திரையிலேயே காஃபின் இருக்கே?

கொட்டாவி குறையும். ஹிஸ்டமின் அடைபட்டிருப்பது அப்படியே இருக்கும். காஃபின் வேறொரு இடத்தில், அடினோசின் என்ற சைகையைத் தடுத்து வேலை செய்கிறது. கூட்டு மாத்திரைகளில் சேர்க்கும் காஃபின் பெரும்பாலும் 30 மில்லிகிராம் சுற்றித்தான், ஒரு கப் காபியில் இருப்பதைவிடக் குறைவு. எனக்கு இதில் பிடிக்காதது என்னவென்றால், தூக்கம் என்ற ஒரே எச்சரிக்கையையும் காபி மறைத்துவிடுகிறது, மெதுவான கை கால் மட்டும் மிஞ்சுகிறது. மூக்கடைப்புக்குச் சேர்க்கும் சூடோஎஃபெட்ரின் படபடப்பைத் தரலாம், அதுவும் இதை ஈடுகட்டாது.

நான் வண்டி ஓட்டறதில்ல, ஆனா மெஷின்ல வேலை. ஏணி ஏறணும். லீவு போட முடியாது. என்ன செய்ய?

வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: ஒரு நொடி தாமதமானால் காயம் படுமா, படாதா. சுழலும் வாள், அச்சு இயந்திரம், ஃபோர்க்லிஃப்ட், உயரம், கொதிக்கும் எண்ணெய், மின்சாரம் எல்லாம் முதல் வகை. அந்த வகை வேலை இருக்கும் நாளில், அதற்கு முந்தின நாளிலும்கூட, தூக்க வகை ஆன்டிஹிஸ்டமினைத் தொடாமல் சளியைச் சமாளிப்பதுதான் வழி. மேலே போட்ட கணக்கைப் பார்த்தால் முந்தின நாள் ஏன் என்று புரியும்.

கணக்கு எழுதுவது, மருந்து எடுத்துக் கொடுப்பது, அளவு பார்ப்பது மாதிரி வேலைகளில் காயம் படாது, ஆனால் தப்பு நடக்கும். இரண்டு முறை சரிபாருங்கள், முடிந்தால் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மேற்பார்வையாளரிடம் தூக்க மாத்திரை போட்டிருக்கிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தால், தலை சுற்றுகிற மருந்து என்று சொல்லிக்கொள்ளுங்கள், பொய்யும் கிடையாது. தொடர்ந்து திரும்பத் திரும்ப ஒரே செயலைச் செய்யும் வேலையும் இரவு ஷிஃப்ட்டும் இந்த மருந்துக்கு ரொம்ப ஏற்ற சூழல், அதாவது நமக்கு ரொம்பக் கெட்ட சூழல்.

அப்போ தூக்கம் வராத ஆன்டிஹிஸ்டமினுக்கு மாறிட்டா முடிஞ்சுதே?

அலர்ஜி என்றால் ஆமாம், தாராளமாக. ஃபெக்சோஃபெனடின் மூளைக்குள் ஏறக்குறைய போவதே இல்லை, லோரடடின் வழக்கமான அளவில் பெரும்பாலோருக்குத் தூக்கம் தராது. செட்டிரிசின் இரண்டுக்கும் நடுவில். தூக்கம் வராத வகை என்று சொல்லி விற்றாலும் சிலருக்கு நன்றாகவே அசத்தும், அதனால் முதல் தடவை போடுவதை வீட்டில் இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சளிக்கு இவை பெரிதாக உதவாது. வைரஸ் சளியில் மூக்கு ஒழுகுவதற்கு ஹிஸ்டமின் முக்கியக் காரணம் கிடையாது. பழைய வகை ஏன் கொஞ்சம் உதவுகிறது என்றால், ஹிஸ்டமினை அடைப்பதோடு அசிட்டைல்கோலின் என்ற இன்னொன்றையும் அடைத்து, உடம்பில் சுரப்பவை எல்லாவற்றையும் உலர்த்துவதால். வாய் உலர்வதும் மூக்கு உலர்வதும் ஒரே விளைவு. புதிய வகைகளில் இந்த உலர்த்தல் இல்லை. பழைய வகையின் பலனும்கூட முதல் ஓரிரு நாளைக்குக் கொஞ்சம் என்ற அளவில்தான், மூக்கு ஒழுகுவது கொஞ்சம் குறைவதற்காகக் கவனத்தை அடகு வைப்பது பகல் வேளையில் நல்ல வியாபாரமாக எனக்குத் தெரியவில்லை.

ஓட்டியே ஆக வேண்டிய நாளில் கூட்டு மாத்திரையை விட்டு, தேவையான ஒன்றை மட்டும் எடுங்கள். காய்ச்சல், தலைவலி என்றால் தனிப் பாராசிட்டமால். மூக்கடைப்பு என்றால் உப்புநீர், அல்லது மூக்கில் அடிக்கும் சைலோமெட்டசோலின் வகை சொட்டு மருந்து. பின்னதைச் சில நாளுக்கு மேல் நீட்டினால் அடைப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பும், ரத்த அழுத்தம் இருப்பவர்கள் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

சளி மாத்திரை போட்டிருக்கேன், ஒரே ஒரு பீர் அடிச்சா என்ன ஆயிடும்?

பீரும் ஆன்டிஹிஸ்டமினும் மூளையை இரண்டு வேறு வழிகளில் மந்தமாக்குகின்றன, அதனால் ஒன்றுக்கு மேல் இன்னொன்று ஏறி உட்காரும். ஒரு பீர் வழக்கமாக உங்களை எவ்வளவு செய்யுமோ அந்த அனுபவத்தை வைத்து இன்றைக்குக் கணக்குப் போட முடியாது. வீட்டில் இருந்து குடித்துவிட்டுப் படுக்கிற ஆரோக்கியமான ஒருவருக்குப் பெரும்பாலும் கனமான தூக்கமும் மறுநாள் மோசமான காலையும்தான் கிடைக்கும். ஆனால் ஒன்று என்பது மூன்றாகிற பழக்கம் இருந்தாலோ, குடித்த இடத்திலிருந்து வீடு திரும்ப வேண்டியிருந்தாலோ, அதே பீர் வேறு கதை.

இன்னொரு சிக்கல் பலர் யோசிக்காதது. மூச்சுச் சோதனைக் கருவி மதுவை மட்டும்தான் அளக்கும். ஒரு பீருக்கு அது சட்ட வரம்புக்குள் காட்டலாம், உங்கள் ஓட்டுத்திறன் அந்த எண்ணைவிட ரொம்பக் கீழே இருக்கலாம். பல நாடுகளில் மருந்தால் திறன் குறைந்து ஓட்டுவதும் குற்றம்தான், அது சாதாரணச் சளி மாத்திரை என்பது காப்பாற்றாது.

இருமல் மருந்தில் கோடீன் இருந்தால் பதில் ஒரே வார்த்தை: வேண்டாம். கோடீனும் மதுவும் சேர்ந்து மூச்சையே மந்தமாக்கும், கூட ஆன்டிஹிஸ்டமினும் சேர்ந்தால் இன்னும். இன்னொரு இருமல் மருந்தான டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபானோடும் குடிக்காதீர்கள்.

காலைல மாத்திரை போட்டுட்டு ராத்திரி குடிக்கலாமா? எவ்ளோ நேரம் கேப் விடணும்?

மது வேகமாக வெளியேறும், ஏறக்குறைய மணிக்கு ஒரு சின்ன அளவு என்ற கணக்கில். மெதுவானது மாத்திரைதான். ஆகவே குடித்துவிட்டு மாத்திரை போடுவதற்கான இடைவெளியும் மாத்திரை போட்டுவிட்டுக் குடிப்பதற்கான இடைவெளியும் ஒன்றாக இருக்காது. முன்னதற்கு போதை முழுதாக இறங்கிய மறுநாள் போதும். பின்னதற்கு, குளோர்பெனிரமினை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து போட்டிருந்தால், காலையில் போட்டு இரவு குடிப்பது என்பது சேர்த்துக் குடிப்பதுதான். கடைசி மாத்திரைக்குப் பிறகு இரண்டு நாளாவது விடுங்கள். சளியோடு குடித்து ஆகப் போவது ஒன்றுமில்லை என்பது என் கருத்து, நீங்கள் கேட்கவில்லை என்றாலும்.

பாராசிட்டமாலும் அதுலயே இருக்கே, அதோட குடிச்சா கல்லீரல் போயிடும்னு சொல்றாங்க?

எப்போதாவது கொஞ்சம் குடிப்பவர் சரியான அளவில் பாராசிட்டமால் போட்டால் அப்படி உடனே எதுவும் போய்விடாது. பயப்பட வேண்டியது தினமும் நிறையக் குடிப்பவர்கள், சாப்பாடு குறைந்தவர்கள், கல்லீரல் ஏற்கெனவே சரியில்லாதவர்கள். தொடர்ந்து குடித்தால் பாராசிட்டமாலை நச்சுப்பொருளாக மாற்றும் நொதி கல்லீரலில் கூடுகிறது, அந்த நச்சை முறிக்கும் குளூட்டாதயோன் குறைகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சம் 4 கிராம் என்று சொல்வது இவர்களுக்குப் பொருந்தாது, தங்களுக்கான அளவை மருத்துவரிடம் கேட்டுத்தான் போட வேண்டும்.

நடைமுறையில் அளவு மீறுவது பெரும்பாலும் இப்படித்தான்: சளி மாத்திரையில் 500, தலைவலிக்குத் தனியாக 500 மாத்திரை இரண்டு, ராத்திரி திரவ மருந்தில் இன்னொரு 650. மூன்றுக்கும் வேறு வேறு பெயர், உள்ளே ஒரே ஆள்.

இருமல் சிரப்லயே ஆல்கஹால் இருக்காமே?

சிலவற்றில் உண்டு, சில இரவுநேரத் திரவங்களில் 10 சதவீதம் வரைக்கும். 30 மில்லிக்கு 3 மில்லி ஆல்கஹால் என்றால் போதை ஏற அது போதாது. குடியை விட்டவர்களும், குடித்தால் ஒத்துக்கொள்ளாத மருந்து எடுப்பவர்களும் ஆல்கஹால் இல்லாத வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

ஐயோ, மாத்திரையையும் மதுவையும் சேர்த்துப் போட்டாச்சு. இப்போ என்ன?

வண்டிச் சாவியை வேறு யாரிடமாவது கொடுங்கள், இனிமேல் குடிக்காதீர்கள், அடுத்த மாத்திரையைத் தள்ளிவையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்கு அது நுரையீரலுக்குள் போகும். தனியாக இருந்தால் யாரையாவது கூப்பிட்டு உடன் இருக்கச் சொல்லுங்கள், படுக்கும்போது ஒருக்களித்துப் படுங்கள்.

பார்த்துக்கொள்கிறவர் கவனிக்க வேண்டியது: பேர் சொல்லிக் கூப்பிட்டு உலுக்கினால் எழுகிறாரா, மூச்சு சீராக வருகிறதா. எழவில்லை, மூச்சு ரொம்ப மெதுவாகவோ விட்டு விட்டோ வருகிறது, உதடு நீலம் பாய்கிறது, வலிப்பு வருகிறது, இல்லாததைப் பார்த்துப் பேசுகிறார், நெஞ்சு தறிகெட்டு அடிக்கிறது என்று எது இருந்தாலும் தூங்கி எழுந்தால் சரியாகும் என்று விடாமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையையும் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். எத்தனை மாத்திரை போனது என்று சரியாகத் தெரியாவிட்டாலும், பாராசிட்டமால் அளவு மீறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலும், ஆள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். பாராசிட்டமாலின் பாதிப்பு முதல் நாள் வெளியே தெரியாது, நச்சை முறிக்கும் மருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும்.